நிழலும் கடிகாரமும் இருந்தால் போதும்: படத்திலிருந்து தீர்க்கரேகை கண்டுபிடிப்பது எப்படி?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வெளியூர் போனால் ஊர்ப்பெயர் தெரியாத மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பி, "எங்கே இருக்கேன், சொல்லு" என்பார். போன முறை வந்தது ஒரு பேருந்து நிலையத்துப் படம். சதுரத் தரைக்கல் பதித்த திறந்தவெளி, வரிசையில் நிற்க நட்டு வைத்த இரும்புக் கம்பம், அதன் நீளமான நிழல், பின்னால் சுவரில் சிவப்பு எழுத்தில் 08:10 காட்டும் டிஜிட்டல் கடிகாரம். பலகைகளில் இந்தி மட்டும். ஊர்ப்பெயர் எதுவும் தெரியாதபடி கவனமாக வெட்டியிருந்தார். தேதி மட்டும் எழுதியிருந்தார்: செப்டம்பர் 23.

இந்தி பேசும் வட இந்தியாவில் ஏதோ ஓர் ஊர். ஜோத்பூரிலிருந்து தர்பங்கா வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் படத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது என்பதை இந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான்

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அதாவது 1 மணி நேரத்துக்கு 15 டிகிரி, 1 டிகிரிக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவருக்குச் சூரியன் முன்னாலேயே உச்சிக்கு வந்துவிடும், மேற்கே இருப்பவருக்குத் தாமதமாக வரும்.

ஆனால் இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒன்றுதான். நம் நாடு ஏறத்தாழ 68 டிகிரியிலிருந்து 97 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை நீண்டு கிடக்கிறது. இந்திய நேரமோ மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரிக் கோட்டின் நேரம். அசாமின் திப்ருகரில் காலை எட்டு மணிக்குச் சூரியன் நன்றாக மேலேறியிருக்கும். அதே எட்டு மணிக்குக் குஜராத்தின் துவாரகையில் அது இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும். இரண்டு ஊருக்கும் சூரியக் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம்.

ஆகப் படத்தில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. சுவரில் இருப்பது நாட்டின் நேரத்தைச் சொல்கிறது, கம்பத்தின் நிழல் அந்த ஊரின் சொந்த நேரத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 4 ஆல் வகுத்தால், 82.5 டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி கிழக்கே அல்லது மேற்கே என்பது வந்துவிடும். நடுக்கடலில் கப்பல்காரர்கள் செய்த வேலையும் இதுவே. அவர்கள் கடிகாரத்தைக் கப்பலில் கூடவே கொண்டுபோனார்கள், நமக்கு அது படத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்

கடிகாரம் 4 நிமிடம் தப்பாக இருந்தால் விடை 1 டிகிரி தப்பும். இந்த அட்சரேகையில் 1 டிகிரி என்பது சுமார் 100 கிலோமீட்டர். நம் வீடுகளில் "பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வைச்சிருக்கேன்" என்று ஒரு சுவர்க் கடிகாரம் இருக்குமே, அப்படி ஒன்றை நம்பினால் 250 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். அதனால் டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தைவிடக் கைபேசித் திரை நல்லது, பழைய மணிக்கூண்டைவிடச் சர்வர் மூலம் நேரம் வாங்கும் டிஜிட்டல் கடிகாரம் நல்லது. முள் கடிகாரம் என்றால் அது ஓடுகிறதா என்றே முதலில் சந்தேகம் வரவேண்டும். நின்றுபோன மணிக்கூண்டுகள் ஊருக்கு ஊர் உண்டு. படத்தில் இரண்டு கடிகாரங்கள் தெரிந்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். செல்ஃபி என்றால் இடவலம் மாறியிருக்கிறதா என்று பின்னணியில் உள்ள எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் 8:10 என்பது 3:50 ஆகப் படிக்கப்பட்டுவிடும்.

அடுத்த கேள்வி, அந்தக் கடிகாரம் எந்தக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது என்பது. இன்றைய இந்தியப் படம் என்றால் 82.5, யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய படம் என்றால் கதை வேறு. 1905 வரை பெரும்பாலான இந்திய ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அதன் கோடு சென்னை வான் ஆய்வகத்தின் வழியே, 80.3 டிகிரி அளவில் போகிறது. இந்திய நேரம் 1906-இல் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கைப் படம் என்றால் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை கவனம் தேவை. அந்தக் காலத்தில் அங்கே முதலில் ஆறரை மணி நேரமும் அப்புறம் ஆறு மணி நேரமும் கிரீனிச்சுக்கு முன்னால் இருந்தது. அரை மணி நேரத்தை விட்டுவிட்டால் ஏழரை டிகிரி போய்விடும்.

நண்பரின் படத்தில் இந்தி எழுத்து இருந்ததால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. தேவநாகரி எழுத்து நேபாளத்திலும் உண்டு. நேபாளக் கடிகாரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும், அதன் கோடு 86.25. இதே படத்தை நேபாளம் என்று எடுத்துக்கொண்டால் விடை அப்படியே 3.75 டிகிரி கிழக்கே நகர்ந்து நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் போய் விழும், பார்க்கக் கச்சிதமாகவும் இருக்கும். கணக்கு இதைக் காட்டிக் கொடுக்காது, வேறு தடயம்தான் காட்டிக் கொடுக்கும். படத்தின் ஓரத்தில் ஓர் ஆட்டோவின் பின்பக்கம் தெரிந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, முதல் இரண்டு எழுத்து UP. மஞ்சள் பலகை இந்திய வாடகை வண்டிக்கு உரியது. சரி, உத்தரப் பிரதேசம், 82.5 தான்.

நிழலை அளப்பது

இந்த வேலையில் பாதி நேரம் போவது இங்கேதான். நமக்கு வேண்டியது ஒரே ஓர் எண்: செங்குத்தான ஒரு பொருளின் உயரத்தைப் போல அதன் நிழல் எத்தனை மடங்கு நீளம். மீட்டரில் அளவு தேவையில்லை, விகிதம் போதும். திசை தெரியாமலேயே இது வேலை செய்யும் என்பதுதான் இந்த வழியின் பெரிய சௌகரியம். படத்தில் வடக்கு எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் படத்தில் ஸ்கேலை வைத்து நேராக அளந்துவிட முடியாது. கேமராவிலிருந்து விலகிப் போகும் நிழல் சுருங்கித் தெரியும், நம்மை நோக்கி வரும் நிழல் நீண்டு தெரியும். நிழல் இடவலமாகப் போகிறது, கேமராவும் தூரத்தில் நேராக இருந்தது என்றால் மட்டும் நேரடியாக அளக்கலாம். மற்றபடி தரையில் ஏதாவது சமமான கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தரைக்கல், பேவர் பிளாக், வண்டி நிறுத்தக் கோடு எதுவும் சரிதான்.

நண்பரின் படத்தில் சதுரக் கல் இருந்தது நல்ல யோகம். கம்பம் ஒரு கல்லின் மூலையில் நின்றது. அதன் அடியிலிருந்து நிழலின் நுனி வரை ஒரு திசையில் 6 கல், குறுக்குத் திசையில் 2 கல். கல்லை எண்ணும்போது படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இணைப்புக் கோட்டையும் நிழல் எங்கே கடக்கிறது என்று விரலால் தொட்டு எண்ணினேன். இரண்டு திசையையும் சேர்த்தால், பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான், 36-உம் 4-உம் கூட்டி வர்க்கமூலம், 6.32 கல் நீளம்.

கம்பத்தின் உயரத்தையும் கல்லிலேயே அளக்க வேண்டும். கம்பத்தின் அடியை ஒட்டி இடவலமாக, அதாவது படத்தின் அகலத்துக்கு இணையாக, ஓடும் ஒரு கல்லின் விளிம்பு 62 பிக்சல் இருந்தது. கம்பம் 211 பிக்சல். 211-ஐ 62 ஆல் வகுத்தால் கம்பம் 3.4 கல் உயரம். கல் ஓரடி என்றால் கம்பம் சுமார் ஒரு மீட்டர், பார்வைக்கும் பொருந்துகிறது. அளவில் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை என்பதற்கு இப்படி ஒரு பொதுப்புத்திச் சோதனை எப்போதும் செய்துகொள்ளுங்கள்.

6.32-ஐ 3.4 ஆல் வகுத்தால் 1.86. நிழல், உயரத்தைப் போல 1.86 மடங்கு. இதிலிருந்து சூரியனின் உயரக் கோணம், அதாவது அடிவானத்திலிருந்து அது எவ்வளவு மேலே இருக்கிறது என்பது, `atan(1/1.86)` = 28.3 டிகிரி.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம் கொண்டது. அதனால் உயரமான விளக்குக் கம்பத்தின் நிழல்நுனி மங்கிக் கரைந்துபோயிருக்கும், எங்கே முடிகிறது என்றே தெரியாது. மிகக் குட்டையான பொருளில் நுனி கூர்மையாக இருக்கும், ஆனால் ஒரு பிக்சல் தவறினாலும் விகிதம் ஆடும். இடுப்பளவு உயரம், தட்டையான தலை, நேராக நிற்பது என்று இருந்தால் உத்தமம். மனிதர்களை எடுக்காதீர்கள். யாரும் செங்குத்தாக நிற்பதில்லை, கால் எங்கே தொடங்குகிறது என்பதும் தெளிவில்லை.

தரை சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழைத்தண்ணீர் வடிய எல்லா முற்றமும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கும். 50 அடிக்கு 1 அடி என்ற சாய்வு கண்ணுக்கே தெரியாது, ஆனால் நிழல் அந்தச் சாய்வின் திசையிலேயே விழுந்தால் சூரியக் கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி தவறிவிடும். வேறு திசையில் விழும் இன்னொரு நிழல் கிடையாது, ஏனென்றால் எல்லா நிழலும் ஒரே திசைதான். அதனால் படத்தில் சற்றுத் தள்ளி, வேறு தரையில் நிற்கும் இன்னொரு பொருளையும் அளந்து இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிழலை நேரமாக மாற்றுவது

சூரியன் 28.3 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் அந்த ஊரின் சூரிய நேரம் என்ன? இதற்குத் தேதியும் அட்சரேகையும் வேண்டும்.

செப்டம்பர் 23 சம இரவு பகல் நாளை ஒட்டியது. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பதால் கணக்கு மிக எளிது: உயரக் கோணத்தின் சைனை அட்சரேகையின் கொசைனால் வகுத்தால் மணிக்கோணத்தின் கொசைன் கிடைக்கும். மணிக்கோணம் என்பது சூரியன் உச்சிக்கு வர இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்பது.

அட்சரேகை தெரியாதே என்று நினைப்பீர்கள். உத்தரப் பிரதேசம் என்பதால் நடுவாக 26.5 என்று வைத்துக்கொண்டேன். சைன் 28.3 என்பது 0.474, கொசைன் 26.5 என்பது 0.895. வகுத்தால் 0.529. அதற்குரிய கோணம் 58 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 232 நிமிடம், அதாவது 3 மணி 52 நிமிடம். காலை நேரம் என்பதால் நண்பகலிலிருந்து கழித்தால் அந்த ஊரின் சூரிய நேரம் 8:08.

மற்ற நாட்களுக்குச் சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே விலகியிருக்கிறது என்பதும் உள்ளே வரும். அந்த விலக்கம் ஜூன் 21 அளவில் வடக்கே 23.4 டிகிரி, டிசம்பர் 22 அளவில் தெற்கே 23.4. தெற்கு என்றால் கழித்தல் குறி. கணக்கைக் கையால் போட விரும்பாதவர்களுக்கு இந்தச் சின்ன நிரல் போதும்:

```python
from math import *

def theerkam(clock, ratio, lat, dec, eot, mer, am=True):
    h = atan(1/ratio)
    p, d = radians(lat), radians(dec)
    c = (sin(h) - sin(p)*sin(d)) / (cos(p)*cos(d))
    H = degrees(acos(c)) / 15
    solar = 12 - H if am else 12 + H
    return mer + 15*(solar - eot/60 - clock)

print(theerkam(8+10/60, 1.86, 26.5, 0, 7.5, 82.5))
```

`clock` கடிகார நேரம் மணிகளில், `ratio` நிழல் விகிதம், `lat` அட்சரேகை, `dec` சூரிய விலக்கம், `mer` நேரக் கோடு. `eot` என்பது என்ன என்றுதான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

பலரும் கோட்டைவிடும் இடம்

சூரியன் ஒழுங்கான கடிகாரம் அல்ல. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் சூரியன் வருடத்தில் சில நாள் முந்திக்கொள்ளும், சில நாள் பிந்தும். இந்த வித்தியாசத்துக்கு நேரச் சமன்பாடு என்று பெயர். நிரலில் நிமிடக் கணக்கில் வரும் `eot` இதுதான், சூரியன் பிந்தினால் கழித்தல் குறி. பிப்ரவரி 11 அளவில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கியிருக்கும், நவம்பர் 3 அளவில் 16 நிமிடத்துக்கு மேல் முந்தியிருக்கும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி வித்தியாசமே இருக்காது.

நவம்பரில் இதை மறந்தால் 4 டிகிரி, 400 கிலோமீட்டர் தவறு. குறியை மாற்றிப் போட்டால் அதுவே இரட்டிப்பாகும். எனக்கு நெடுநாள் இந்தக் குறி குழப்பமாகவே இருந்தது. இப்போது ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இன்று சூரியன் முந்தியிருக்கிறதா? முந்தியிருந்தால் சூரிய நேரத்திலிருந்து அதைக் கழி, பிந்தியிருந்தால் கூட்டு. சென்னையில் இருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:09-க்கு. ஆனால் பிப்ரவரி நடுவில் 12:23 ஆகும், நவம்பர் தொடக்கத்தில் 11:53-க்கே உச்சிக்கு வந்துவிடும்.

செப்டம்பர் 23-இல் சூரியன் ஏழரை நிமிடம் முந்தியிருக்கும். 8:08-லிருந்து கழித்தால் 8 மணி அரை நிமிடம். இதுதான் அந்த ஊர் தன் சொந்தக் கடிகாரம் வைத்திருந்தால் காட்டியிருக்கும் நேரம். சுவரில் இருப்பதோ 8:10. ஊர் ஒன்பதரை நிமிடம் பின்தங்கியிருக்கிறது, அதாவது 82.5 கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஒன்பதரையை 4 ஆல் வகுத்தால் 2.4. விடை 80.1 டிகிரி கிழக்கு.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

80.1 என்று தசமத்தோடு வந்ததும் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் இருக்கும் ஊரைச் சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும்.

முதலில் அட்சரேகை. 26.5 என்று குத்துமதிப்பாக வைத்தோம். 24 என்று போட்டால் விடை 79.35, 28 என்று போட்டால் 80.56. நான்கு டிகிரி தெற்கு வடக்காக ஆட்டியும் தீர்க்கரேகை 1.2 டிகிரிதான் நகர்ந்தது. காலையிலும் மாலையிலும் சூரியன் கிழக்கு மேற்காக இருக்கும்போது அட்சரேகை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. நமக்குக் கிடைத்தது ஒரு புள்ளி அல்ல, மேலே போகப் போகக் கிழக்கே லேசாகச் சாயும் ஒரு கோடு. 1837-இல் தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் அயர்லாந்துக் கடலோரத்தில், தன் அட்சரேகை சரியாகத் தெரியாத ஒரு காலையில், வெவ்வேறு அட்சரேகைகளைப் போட்டுப் பார்த்து விடைகளெல்லாம் ஒரே கோட்டில் வருவதைக் கண்டார். கப்பல் அந்தக் கோட்டின்மேல்தான் எங்கோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். நாமும் அதைத்தான் செய்கிறோம்.

அடுத்து, அளவுப் பிழை. விகிதம் 1.86 என்றேன், நுனி மங்கலாக இருந்ததால் அது 1.76 ஆகவோ 1.96 ஆகவோ இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்த்தால் விடை 81.6 முதல் 78.6 வரை போகிறது. அதாவது கோடு அல்ல, இருபக்கமும் ஒன்றரை டிகிரி, 150 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. தேதி ஒரு வாரம் தவறியிருந்தால், செப்டம்பர் 30 என்று எடுத்துக்கொண்டால், இன்னும் 1 டிகிரி தள்ளும். சம இரவு பகல் காலத்தில் சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி வேகத்தில் தெற்கே நகர்வதால் தேதி அப்போது கொஞ்சம் முக்கியம்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். இதே ஊரில் நண்பகலுக்கு நாற்பது நிமிடம் முன்னால் எடுத்த படம் என்றால் இந்த வழி படுத்துவிடும். அப்போது சூரியன் மேலேறுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் நகரும். உயரக் கோணத்தில் 1 டிகிரி தவறினால் தீர்க்கரேகையில் 3 டிகிரி தவறும். உச்சிவேளைப் படம் அட்சரேகைக்குத்தான் உதவும். தீர்க்கரேகை வேண்டுமானால் நிழல் பொருளின் உயரத்தைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இருக்கும் படமாகத் தேடுங்கள். அதற்கும் நீண்ட நிழல் என்றால் நுனி மங்கிவிடும், தரையின் மேடுபள்ளமும் விளையாட ஆரம்பிக்கும்.

திருப்பிப் பார்ப்பது

கணக்கு முடிந்ததும் அதைத் தலைகீழாக ஒருமுறை ஓட்டுங்கள். SunCalc போன்ற தளத்தில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரிய உயரம், நிழல் நீளம் இரண்டையும் சொல்லிவிடும். செப்டம்பர் 23, 8:10 மணிக்கு ஒரு மீட்டர் கம்பத்தின் நிழல் எங்கே எவ்வளவு இருக்கும் என்று, ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாகப் பார்த்தேன். ஜோத்பூரில் 2.45 மீட்டர், ஜெய்ப்பூரில் 2.19, கான்பூரில் 1.84, லக்னோவில் 1.81, கோரக்பூரில் 1.66, தர்பங்காவில் 1.52. ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஒரே நிமிடம், ஆனால் நிழல் இப்படி மாறுகிறது. நான் அளந்த 1.86-க்குப் பக்கத்தில் கான்பூரும் லக்னோவும் நிற்கின்றன. கோரக்பூரை ஒதுக்கலாம், ஜெய்ப்பூரைத் தாராளமாக ஒதுக்கலாம். பட்டையின் மேற்கோரத்தில் ஜான்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை மனசாட்சிப்படி ஒதுக்க முடியாது.

கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தீர்க்கரேகையில் 0.6 டிகிரிதான், இரண்டரை நிமிடம். ஒரு தரைக்கல் விளிம்பில் கண் தடுமாறினாலே அவ்வளவு போய்விடும். இந்த இரண்டில் எது என்று நிழலை வைத்துச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையைத் தானாகச் செய்யும் கருவியும் உண்டு. பெல்லிங்கேட் குழு வெளியிட்ட Shadow Finder-இல் பொருளின் உயரம், நிழல் நீளம், தேதி, நேரம் கொடுத்தால் பொருந்தும் இடங்களையெல்லாம் உலக வரைபடத்தில் ஒரு வளையமாக வரைந்து காட்டும். நல்ல கருவிதான், ஆனால் 1.86 என்ற எண்ணை அது அளந்து தராது. அது நம் கையில்தான் இருக்கிறது. முதல் நாலைந்து படத்துக்குக் கையால் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கருவிக்குப் போனால், வளையம் ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பது புரியும்.

பழகுவதற்கு வெளியூர்ப் படம் எதுவும் வேண்டாம். மொட்டைமாடியில் காலை எட்டரை மணிக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள், பக்கத்தில் கைபேசியில் நேரம் தெரியட்டும், இன்னொரு கைபேசியில் படம் எடுங்கள். முதலில் படத்திலிருந்து விகிதத்தை எடுங்கள், அப்புறம் டேப்பை வைத்து நேரில் அளங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ அதுதான் உங்கள் கண்ணின் பிழை. என்னுடையது முதலில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. வாளியின் விளிம்பு அகலம் என்பதால் நிழலை எந்த இடத்திலிருந்து அளப்பது என்றே குழம்பினேன். விளக்குமாற்றுக் கட்டையை மணல் நிரப்பிய டப்பாவில் நட்டுவைத்த பிறகு ஐந்துக்குள் வந்தது.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: "கான்பூர் இல்லாட்டி லக்னோ. ஜான்சியா இருந்தா என் தப்பு." அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. கான்பூராம். அடுத்த முறை உச்சிவேளையில் படம் எடுத்து அனுப்பப் போவதாகவும் எழுதியிருந்தார்.